பாஸ்வேர்டு மாற்றியும் கணக்கு திரும்பத் திரும்பப் பறிபோவது ஏன்?

கேள்வி: ஒரே மாதத்தில் என் பேஸ்புக்கும் ஜிமெயிலும் மூன்று முறை ஹேக் ஆகிவிட்டன. ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு மாற்றினேன். ஓடிபியும் போட்டிருக்கிறேன். ஆனால் புது லாகின் என்று எந்த எச்சரிக்கையும் வருவதில்லை, இரண்டு மூன்று நாளில் திரும்பவும் போய்விடுகிறது. ஆன்டிவைரஸ் எதுவும் இல்லை என்கிறது. விண்டோஸ் கணினி, குரோம் பிரவுசர். இன்னும் எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைக்க வேண்டும்?

பதில்:

பாஸ்வேர்டின் கடினத்தில் விஷயம் இல்லை. அதை எந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினீர்கள் என்பதுதான் விஷயம். மூன்று முறையும் அதே கணினியில், அதே குரோமில் மாற்றியிருந்தால், திருடன் வீட்டுக்குள் இருக்கும்போதே பூட்டை மாற்றி, சாவியையும் அவன் கண் முன்னால் ஆணியில் மாட்டியது போலத்தான். நாற்பது எழுத்தில் வைத்திருந்தாலும் இதே கதை நடந்திருக்கும். சிறிய அலுவலகங்களுக்கும் தனி ஆட்களுக்கும் இப்படிப் போன கணக்குகளை மீட்டுக் கொடுக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது "புது லாகின் என்று எச்சரிக்கை வருவதில்லை" என்ற வரிதான்.

எச்சரிக்கை வராததற்குக் காரணம், பெரும்பாலும் அங்கே லாகினே நடக்கவில்லை என்பதுதான். பொருட்காட்சி வாசலில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு முத்திரை குத்துவார்கள் இல்லையா, அதன் பிறகு முத்திரையைக் காட்டினால் போதும், டிக்கெட்டை யாரும் கேட்பதில்லை. இணையதளமும் அப்படித்தான். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் ஒரு முறை சரிபார்த்துவிட்டு உங்கள் பிரவுசரிடம் ஒரு குக்கீயைக் கொடுத்துவிடும். அடுத்து நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் அந்தக் குக்கீயைத்தான் காட்டுகிறது. பேஸ்புக்கில் இதற்கு `c_user`, `xs` என்று இரண்டு குக்கீகள் உண்டு. முதலாவது நீங்கள் யார் என்ற எண், இரண்டாவது நீங்கள் ஏற்கெனவே உள்ளே வந்தவர் என்பதற்கான அத்தாட்சி. இந்த இரண்டையும் ஒருவன் தன் பிரவுசரில் வைத்துக்கொண்டால் பேஸ்புக்கைப் பொறுத்தவரை அவன் நீங்கள்தான். பாஸ்வேர்டு கேட்காது, ஓடிபி வராது, சாதனப் பட்டியலில் பல நேரம் புதுப் பெயர்கூட ஏறாது. 2023 மார்ச்சில் ஒன்றரைக் கோடிச் சந்தாதாரர்கள் இருந்த லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனதும் இப்படித்தான். விளம்பர ஒப்பந்தம் என்று மின்னஞ்சலில் வந்த போலி பிடிஎஃப் கோப்பை அங்கே ஒருவர் திறந்தார், அவர் பிரவுசரின் குக்கீகள் மொத்தமாகப் போய்விட்டன. கணினியே தொழிலாக இருப்பவர்களுக்கு நடந்தது இது, அதனால் உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

இப்போது, எதை உறுதியாகச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று பிரித்துவிடுகிறேன். ஒரு முறை மட்டும் குக்கீ திருடுபோயிருந்தால், எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேறி பாஸ்வேர்டை மாற்றியதும் அந்தக் குக்கீ செத்துவிடும், தொல்லை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மூன்று முறை திரும்பி வருகிறது என்றால் மூன்றில் ஒன்று நடக்கிறது. குரோமுக்குள் கூடுதலாகச் சேர்த்த குட்டி நிரலான ஓர் எக்ஸ்டென்ஷன் புதுக் குக்கீயை அவ்வப்போது எடுத்து அனுப்புகிறது, அல்லது விண்டோஸிலேயே ஒரு திருட்டு நிரல் தங்கியிருக்கிறது, அல்லது முதல் முறை வந்தவன் உங்கள் கணக்குக்குள்ளேயே ஒரு பின்வாசல் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். உங்களுடையது எது என்று கணினியைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் பேஸ்புக், ஜிமெயில் இரண்டும் சேர்ந்தே போவதால் வேர் கணினியில் இருக்க வாய்ப்பு அதிகம். ஜிமெயில் போனாலே அதை வைத்து பேஸ்புக்கையும் எடுக்கலாம் என்பதும் உண்மை. அதனால் பின்வாசலையும் பார்க்காமல் விடக்கூடாது.

எக்ஸ்டென்ஷனை முதலில் சொல்வதற்குக் காரணம், ஆன்டிவைரஸ் அதைப் பெரும்பாலும் பிடிப்பதில்லை. தனி நிரலாக ஓடாமல் குரோமுக்குள்ளேயே, நீங்கள் கொடுத்த அனுமதியோடு ஓடுகிறது. நிறுவும்போது "Read and change all your data on all websites" என்று ஒரு பெட்டி வருமே, நாம் எல்லோரும் படிக்காமல் தட்டிவிடும் பெட்டி, அதற்கு உண்மையாகவே அதுதான் அர்த்தம். அதோடு குக்கீ அனுமதியும் இருந்தால், சாதாரண வலைப்பக்கத்தின் ஸ்கிரிப்டுக்குக் கண்ணில் படாதபடி மறைத்து வைத்த லாகின் குக்கீயைக்கூட அது படிக்கும். பெயர் தெரியாத எக்ஸ்டென்ஷன்தான் ஆபத்து என்றும் இல்லை. சைபர்ஹேவன் என்பது ஒரு பாதுகாப்பு நிறுவனம். 2024 டிசம்பர் 24 அன்று அதன் ஊழியர் ஒருவரை ஏமாற்றி, அவர்களுடைய குரோம் எக்ஸ்டென்ஷனுக்கே திருட்டுப் பதிப்பு ஒன்றை குரோம் வெப் ஸ்டோர் என்ற கடையில் ஏற்றிவிட்டார்கள். குரோம் எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் அல்லவா, அதனால் பயனர் எதையும் தட்டாமலே திருட்டுக் குறியீடு அவர்கள் பிரவுசருக்கு வந்து சேர்ந்தது. குறி முக்கியமாக பேஸ்புக் விளம்பரக் கணக்குகள். அடுத்த நாளே கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்படிக் கண்டுபிடிக்க ஆள் இல்லாத சின்னச் சின்ன எக்ஸ்டென்ஷன்கள் எத்தனையோ கிடக்கின்றன. எழுதியவர் அலுத்துப்போய் யாருக்கோ விற்றுவிடுகிறார், வாங்கியவன் அடுத்த அப்டேட்டில் வேலையைக் காட்டுகிறான்.

என்னிடம் வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன், உங்களுடையதோடு நிறைய ஒத்துப்போகிறது. ஒரு போட்டோகிராஃபர். பேஸ்புக் பக்கமும் அதனோடு விளம்பரக் கணக்கும் வைத்திருந்தார். நான்கு முறை பறிபோனது. மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டார். பாஸ்வேர்டையும் அதன் பிறகுதான் மாற்றினார். அதாவது எல்லோரும் சொல்லும் வரிசையைச் சரியாகச் செய்தார். ஆறாவது நாள் திரும்பவும் போய்விட்டது. "வைஃபையில்தான் ஏதோ இருக்கிறது" என்று ரவுட்டரைக்கூட மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பேஸ்புக்கோ ஜிமெயிலோ அனுப்புவது எல்லாம் குறியாக்கம் ஆகித்தான் போகிறது, வழியில் நின்று குக்கீயை உருவுவது லேசான காரியம் இல்லை.

அவர் கணினியில் `chrome://extensions` திறந்து, வலது மேல் மூலையில் Developer mode-ஐப் போட்டேன். அதைப் போட்டால் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்குக் கீழும் 32 எழுத்தில் ஓர் அடையாளம் தெரியும். பெயரை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், இந்த அடையாளத்தை அப்படிச் செய்வது கடினம். மொத்தம் ஒன்பது இருந்தன. அவருக்கு நினைவிருந்தது ஐந்துதான். மீதி நான்கில் ஒன்று, படத்தை பிடிஎஃப் ஆக்கும் எக்ஸ்டென்ஷன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரே ஒரு நாள் தேவைப்பட்டு நிறுவியது. அதன் அடையாளத்தைக் கடையில் தேடினால் பக்கமே இல்லை, எடுத்துவிட்டிருக்கிறார்கள். அதுவே முதல் சந்தேகம். அடுத்து அதன் கோப்புகளைப் பார்த்தேன். `%LOCALAPPDATA%\Google\Chrome\User Data\Default\Extensions` என்று ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் ஒட்டினால், அதே 32 எழுத்துப் பெயரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பதிப்பு எண், அதற்குள் `manifest.json`. நோட்பேடில் திறந்தால் இந்த இரண்டு வரிகள் இருந்தன:

```json
"permissions": ["cookies", "storage", "scripting"],
"host_permissions": ["<all_urls>"]
```

படத்தை பிடிஎஃப் ஆக்க எந்த இணையதளத்தின் குக்கீயும் தேவையில்லை. செய்யும் வேலைக்கும் கேட்கும் அனுமதிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. இந்த வரிகள் இருந்தாலே திருடன் என்று முடிவு கட்டவும் கூடாது. பாஸ்வேர்டு மேலாளர், விளம்பரத் தடுப்பான் போன்றவை எல்லாத் தளங்களிலும் வேலை செய்தாக வேண்டியவை, பரந்த அனுமதி கேட்கத்தான் செய்யும். அதனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று, அதே எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் அதன் பெட்டியில் உள்ள "service worker" என்ற இணைப்பைத் தட்டினேன். ஒரு தனி ஜன்னல் திறக்கும், அதில் Network என்ற பகுதியைத் திறந்து வைத்துவிட்டு, சோதனைக்காக வைத்திருக்கும் ஒரு வெற்றுக் கணக்கால் பேஸ்புக்கில் நுழைந்தேன். நுழைந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கேள்விப்படாத ஒரு முகவரிக்கு ஒரு அனுப்பல் போனது. உள்ளே புரியாத எழுத்துக் குவியல். அது வெறும் பேஸ்64 என்ற எழுத்து மாற்றும் முறை, பூட்டு எதுவும் இல்லை, பிரித்துப் பார்த்தால் நடுவில் `c_user=` என்று தெளிவாக நின்றது. அந்த அனுப்பலைப் பார்த்தபோது போட்டோகிராஃபரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. (எல்லாத் திருட்டு எக்ஸ்டென்ஷனும் இவ்வளவு வெளிப்படையாக மாட்டாது. சில பல நாள் சும்மா இருந்துவிட்டு அனுப்பும், அதனால் ஒன்றும் தெரியவில்லை என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.)

சரி, விண்டோஸை அழித்தும் அது எப்படித் திரும்பி வந்தது? குரோம் சிங்க். புது விண்டோஸில் குரோமைப் போட்டு, கூகுள் கணக்கில் நுழைந்து சிங்க் போட்டதும், பழைய புக்மார்க்குகளோடு அந்த ஒன்பது எக்ஸ்டென்ஷன்களும் தாமாகவே இறங்கின. அந்த பிடிஎஃப் எக்ஸ்டென்ஷன் கடையில் இல்லாதபோது எப்படி இறங்கும் என்று கேட்பீர்கள். அவர் விண்டோஸ் போட்ட வாரத்தில் அது கடையில் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அல்லது அவர் புக்மார்க் போய்விடுமோ என்று பயந்து பழைய User Data ஃபோல்டரையே பென்டிரைவில் எடுத்து வைத்துத் திரும்ப ஒட்டியதில் வந்திருக்கலாம். இரண்டையும் செய்திருந்தார், எது என்று நான் நிரூபிக்கவில்லை. இரண்டு வழியையும் அடைத்தோம், தொல்லை நின்றது.

உங்கள் கணினியில் எக்ஸ்டென்ஷன் பட்டியல் சுத்தமாகத்தான் இருக்கிறது என்றால் அடுத்த சந்தேகம் திருட்டு நிரல். ரெட்லைன், விடார், லும்மா என்று பெயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இவை பிரவுசரின் குக்கீக் கோப்பு, சேமித்த பாஸ்வேர்டு, அவற்றின் பூட்டைத் திறக்கும் சாவி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடும். பல நேரம் சில நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுத் தன்னையே அழித்துக்கொள்ளும். ஆன்டிவைரஸ் மறுநாள் தேடினால் அங்கே என்ன இருக்கப்போகிறது? அதனால் "ஸ்கேன் சுத்தம்" என்பதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு நிரல் ஓடிவிட்டுப் போனதா என்பதற்கு உங்கள் நினைவுதான் நல்ல சாட்சி. முதல் முறை பறிபோவதற்கு முந்தைய ஒரு வாரத்தில் கிராக் செய்த மென்பொருள், விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் சீட் நிரல், பாஸ்வேர்டு போட்ட ஜிப்பில் வந்த ஏதாவது ஒன்றைத் திறந்தீர்களா? ஜிப்பின் பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதிக் கொடுப்பது, உள்ளே இருப்பதை ஸ்கேனர் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான்.

இன்னொரு வழி இப்போது அதிகம் பார்க்கிறேன். ஒரு பக்கம் "நீங்கள் மனிதர்தானா" என்று கேட்டு, விண்டோஸ் பொத்தானையும் R-ஐயும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு Ctrl+V, பிறகு Enter என்று சொல்லும். நீங்கள் அறியாமலே ஒரு கட்டளை கிளிப்போர்டில் ஏறியிருக்கும், நீங்களே உங்கள் கையால் அதை ஓட்டிவிடுகிறீர்கள். இதற்கு ஒரு தடயம் மிஞ்சும். Run பெட்டியில் தட்டியதை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதை ஓட்டிப் பாருங்கள்:

```
reg query HKCU\Software\Microsoft\Windows\CurrentVersion\Explorer\RunMRU
```

இது படிக்க மட்டும்தான் செய்யும், எதையும் மாற்றாது. வரும் வரிகளில் `cmd\1`, `notepad\1` என்று சாதாரணமாக இருந்தால் கவலை இல்லை. `powershell` அல்லது `mshta` என்று தொடங்கி, நீளமாக, நடுவில் ஓர் இணைய முகவரியோடு இருந்தால் அதுதான் வாசல். வரி இல்லை என்றால் நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை, சில நிரல்கள் இந்தத் தடயத்தைத் துடைத்துவிடும். அதோடு, விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரிடம் "இந்த ஃபோல்டரைப் பார்க்காதே" என்று யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். Windows Security-க்குள் Exclusions என்ற இடத்தில் இருக்கும். நீங்கள் சேர்க்காத ஒன்று அங்கே இருந்தால், நிரல் இன்னும் உள்ளே தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வேன்.

இனி என்ன செய்வது என்பதற்கு வருவோம். கணினியைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்று சொல்வதைச் சிலர், சுத்தம் செய்யும்வரை கணக்கைத் திருடனிடமே விட்டுவை என்று புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. சந்தேகத்துக்குரிய கணினியில் மாற்றாதே என்பதுதான் பொருள். அந்தக் கணினியை இப்போதே அணைத்துவிடுங்கள். உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். போனில் ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எந்த ஆப்பும் போடவில்லை என்றால் இந்த வேலைக்கு அது போதும். ஆண்ட்ராய்டு குரோமில் கணினியில் போடும் எக்ஸ்டென்ஷன்கள் ஓடுவதில்லை என்பது இங்கே நமக்கு வசதி. அதே வைஃபையில் இருந்தாலும் பரவாயில்லை.

ஜிமெயில்தான் முதலில், மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மீட்கும் கடிதம் அங்கேதான் வந்து விழும். `myaccount.google.com/device-activity` பக்கத்தில் அந்தக் கணினியையும், தெரியாதது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டி Sign out கொடுங்கள். பாஸ்வேர்டு மாற்றினாலே எல்லா இடத்திலும் வெளியேறிவிடும் என்று நம்ப வேண்டாம். 2023 கடைசியில், பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் பழைய டோக்கனிலிருந்து கூகுள் குக்கீயைத் திரும்ப உயிர்ப்பிக்கும் வித்தை ஒன்றைத் திருட்டு நிரல்கள் செய்வது வெளியே வந்தது. அப்போது கூகுள் சொன்ன பதிலே, அந்தப் பிரவுசரிலிருந்தோ சாதனப் பக்கத்திலிருந்தோ வெளியேற்றினால் அது செத்துவிடும் என்பதுதான். வெளியேற்றிய பிறகு புதுப் பாஸ்வேர்டு. மாற்றியதும் போன் குரோம் "சேமிக்கவா" என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். சேமித்தால் அது சிங்க் வழியாக அந்தக் கணினிக்கே போய்ச் சேரலாம். காகிதத்தில் எழுதி வையுங்கள், இரண்டு நாளைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து பேஸ்புக். அங்கே பாஸ்வேர்டு மாற்றும்போது மற்ற சாதனங்களிலிருந்து வெளியேற ஒரு தேர்வு இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். "எல்லாத்திலும் திரும்ப லாகின் பண்ணணுமே" என்ற சோம்பலில் இதை விட்டுவிட்டு, குக்கீயை உயிரோடு வைத்தவர்கள் நிறையப் பேர்.

பிறகு பின்வாசல்கள். இதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். ஜிமெயிலைக் கணினிப் பார்வையில் திறந்தால்தான் எல்லா அமைப்பும் தெரியும், அதனால் நம்பிக்கையான வேறொருவர் கணினியில், Incognito ஜன்னலில் திறந்து பாருங்கள். Filters-இல் உங்களுக்குத் தெரியாத விதி, Forwarding-இல் தெரியாத முகவரி, Accounts பகுதியில் வேறொருவருக்கு உங்கள் அஞ்சலைப் படிக்கக் கொடுத்த அனுமதி, இந்த மூன்றும் பாஸ்வேர்டு மாறினாலும் அசையாது. ஒரு முறை நான் பார்த்த விதி, "security" என்ற சொல் உள்ள எல்லாக் கடிதத்தையும் படித்ததாகக் குறித்து நேராகக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. உங்களுக்கு எச்சரிக்கை வராததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், அதனால் Trash-ஐயும் புரட்டிப் பாருங்கள். மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், பாஸ்கீ, ஆதென்டிகேட்டர் இவற்றில் உங்களுடையது அல்லாததை நீக்கிவிட்டு, பேக்கப் குறியீடுகளைப் புதிதாக எடுங்கள். பேஸ்புக்கில் Accounts Center-க்குள் உங்களுக்குத் தெரியாத இன்ஸ்டாகிராம் கணக்கு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் அதன் வழியாகவே திரும்ப வருவார்கள். பக்கமோ விளம்பரக் கணக்கோ இருந்தால் அதன் நிர்வாகிகள் பட்டியலும் தனி, கணக்கைச் சுத்தம் செய்தாலும் அங்கே சேர்ந்தவன் அப்படியே இருப்பான்.

கணினியைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான் என்று கையில் பிடித்துவிட்டால், வேறு எந்தச் சந்தேகமும் இல்லை என்றால், விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. குரோமில் அதை Remove கொடுத்துவிட்டு, `chrome://policy` ஒரு முறை திறந்து பாருங்கள். சொந்தக் கணினியில் அங்கே `ExtensionInstallForcelist` என்று ஒரு வரி இருக்க எந்தக் காரணமும் இல்லை. இருந்தால், நீக்க நீக்க எக்ஸ்டென்ஷனைத் திரும்பப் போட யாரோ ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அப்படிச் செய்ய நிர்வாகி உரிமையோடு ஒரு நிரல் உங்கள் கணினியில் ஓடியிருக்க வேண்டும். அப்போது கதை எக்ஸ்டென்ஷனோடு முடியவில்லை.

திருட்டு நிரல் என்று சந்தேகம் வந்தால் நான் நோண்டிக்கொண்டிருப்பதில்லை, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன். தேடிப் பிடித்து நீக்குவதற்கு ஆகும் நேரத்தில் மூன்று முறை புதிதாகப் போடலாம், நீக்கிய பிறகும் முழுதாகப் போனதா என்ற அரிப்பு இருக்கும். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, நிறுவும்போது விண்டோஸ் இருந்த பகுதியை அழித்துவிட்டுப் போடுங்கள். "Keep my files" என்ற வழி இந்த வேலைக்கு உதவாது. எடுத்து வைப்பது படம், ஆவணம், வீடியோ மட்டும். exe, ஜிப், User Data ஃபோல்டர் எதுவும் வேண்டாம். முக்கியமாக, பழைய ஹார்டிஸ்கில் "Softwares" என்று ஒரு ஃபோல்டர் வைத்திருப்பீர்கள், விண்டோஸ் போட்டதும் அதிலிருந்துதான் எல்லாவற்றையும் நிறுவுவீர்கள், அதே கிராக் திரும்ப ஓடும். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

சிங்கைத் திரும்பப் போடும் முன் `chrome.google.com/sync` பக்கத்துக்குப் போய், கூகுளில் சேமித்திருக்கும் சிங்க் தரவை Delete data கொடுத்து அழித்துவிடுங்கள். புக்மார்க் வேண்டுமென்றால் முன்கூட்டியே ஹெச்டிஎம்எல் கோப்பாக எடுத்து வையுங்கள், அது வெறும் முகவரிப் பட்டியல்தான், ஆபத்தில்லை. சேமித்த பாஸ்வேர்டுகளும் போய்விடலாம் என்பதால் தேவையானதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் திருட்டு நிரல் ஓடியிருந்தால் குரோமில் சேமித்திருந்த ஒவ்வொரு பாஸ்வேர்டும் போய்விட்டது என்றே கணக்கு, எல்லாவற்றையும் மாற்றித்தான் ஆக வேண்டும். வங்கி முதலில், ஷாப்பிங் தளங்கள் மெதுவாக. எக்ஸ்டென்ஷன் மட்டும் என்றால், அது இருந்த காலத்தில் நீங்கள் நுழைந்த தளங்களைப் பார்த்தால் போதும்.

இனிமேல் இது நடக்காமல் இருக்க ஓடிபிக்குப் பதில் பாஸ்கீ போடட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடுங்கள், போலி லாகின் பக்கத்தில் ஏமாறுவதை அது தடுக்கும். ஆனால் குக்கீத் திருட்டை அது தடுக்காது, ஏனென்றால் அந்தத் திருட்டு நீங்கள் உள்ளே போன பிறகுதான் நடக்கிறது. குரோம் 2024 ஜூலையில் 127-ஆம் பதிப்பில் குக்கீக் கோப்பின் பூட்டைக் கடினமாக்கியது, சில மாதத்துக்குள்ளேயே திருட்டு நிரல்கள் அதைச் சுற்றிக்கொண்டு போக வழி கண்டுபிடித்துவிட்டன. எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் அந்தப் பூட்டுக்கு வேலையே இல்லை, அது குரோமிடமே நேராகக் கேட்டு வாங்குகிறது. நான் செய்வது என்னவென்றால், வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லாத தனி குரோம் புரொஃபைல் ஒன்று. மற்ற எல்லா வேலைக்கும் இன்னொன்று. ஒரு புரொஃபைலில் போட்ட எக்ஸ்டென்ஷன் இன்னொன்றின் குக்கீயைப் பார்க்க முடியாது. கணினியில் ஓடும் திருட்டு நிரலிடம் இது எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது எல்லாப் புரொஃபைலையும் வாரிக்கொண்டு போகும்.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு வாரத்துக்குத் தினமும் போனில் கூகுள் சாதனப் பக்கத்தையும் ஜிமெயில் Trash-ஐயும் ஒரு முறை பாருங்கள். உங்களுக்கு இதுவரை இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்திருக்கிறது, அதனால் பத்து நாள் தாண்டினால் வேர் போய்விட்டது என்று ஓரளவு நம்பலாம். அதற்குள் திரும்பப் போனால், கணினியைத் திரும்ப அழிக்காதீர்கள், பின்வாசல் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறோம். கணினியை அணைக்கும் முன் அந்த `reg query` ஓட்டியதில் சந்தேகமான வரி ஏதாவது வந்திருந்தால் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதில் இருக்கும் இணைய முகவரியின் புள்ளியை மட்டும் [.] என்று மாற்றிவிடுங்கள், படிக்கும் யாராவது தவறிப்போய்த் தட்டிவிடப் போகிறார்கள்.